எதிர்கொண்டுபோன பிறகு எந்தத் திசை? இரகசிய வருகையும் ஆயிர வருட அரசாட்சியும்

எங்கள் பெரியம்மாவை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்தில் இரண்டு பேர் பேசினார்கள். முதலில் எங்கள் சபையின் ஐயர். அப்புறம் பெரியம்மாவின் மகன் போகிற பெந்தெகொஸ்தே சபையின் பாஸ்டர். இருவரும் வாசித்தது ஒரே பகுதிதான்: 1 தெசலோனிக்கேயர் 4ஆம் அதிகாரம், 13 முதல் 18 வரை. ஐயர், "கடைசி நாளில் எக்காளம் தொனிக்கும், எல்லாரும் எழுந்திருப்போம், அதுவரை இவர்கள் இளைப்பாறுகிறார்கள்" என்று சொல்லி முடித்தார். பாஸ்டர், ஆண்டவர் தம்முடையவர்களை மட்டும் மேலே எடுத்துக்கொள்ள வரும் இரகசிய வருகை இன்று ராத்திரியே நடக்கலாம் என்றார். அதில் எடுத்துக்கொள்ளப்படாதவர்கள் அந்திக்கிறிஸ்துவின் ஏழு வருட உபத்திரவத்தில் அகப்படுவார்கள், அது முடிந்த பிறகு ஆண்டவர் பகிரங்கமாக வந்து எருசலேமிலிருந்து ஆயிரம் வருடம் அரசாளுவார் என்று விளக்கினார். திரும்பி வரும்போது வேனில் சித்தி என்னிடம் கேட்டார்: "ஒரே வசனத்தத்தான வாசிச்சாங்க? எப்படிப்பா ரெண்டு பேரும் ரெண்டு விதமா சொல்றாங்க?"

சித்தி கேட்டது நியாயமான கேள்வி. ஒருவருக்கு விசுவாசம் அதிகம், இன்னொருவருக்குக் குறைவு என்று பதில் சொல்லிவிடுகிறவர்கள் இரண்டு பக்கத்திலும் உண்டு. அந்தப் பதில் தப்பு என்று நான் நினைக்கிறேன். இந்த வசனங்களை வாசிக்கிற யாரும் சில இடங்களில் ஒரு பக்கம் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். அந்தத் தேர்வு எங்கே நடக்கிறது என்பதைப் பார்க்க நம் தமிழ் வேதாகமமே நல்ல வழி. நாம் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே மொழிபெயர்த்தவர்கள் சில இடங்களில் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

முதலில் பவுல் எதற்காக எழுதினார் என்று பார்ப்போம். ஏறக்குறைய கி.பி. 50இல் அவர் தெசலோனிக்கே பட்டணத்தில் கொஞ்ச நாள்தான் இருக்க முடிந்தது. கலகம் எழும்பி அங்கிருந்து வெளியேற வேண்டியதாயிற்று. அவர் போன பிறகு அந்தப் புதிய சபையில் சிலர் இறந்துபோனார்கள். இயேசு திரும்பி வருவார் என்று காத்திருந்தவர்களுக்கு ஒரு கவலை வந்தது: அவர் வரும்போது நாம் இருப்போம், செத்துப்போனவர்கள் அதைத் தவறவிட்டுவிடுவார்களே? பவுலின் பதில் அந்தத் துக்கத்துக்கானது. கிறிஸ்துவுக்குள் மரித்தவர்கள் முதலாவது எழுந்திருப்பார்கள், பின்பு உயிரோடிருக்கும் நாமும் "கர்த்தருக்கு எதிர்கொண்டுபோக, மேகங்கள்மேல் அவர்களோடேகூட ஆகாயத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டு" எப்பொழுதும் அவருடனே இருப்போம் என்கிறார். காலண்டர் எதையும் அவர் இங்கே கொடுக்கவில்லை. ஏழு வருடம், ஆயிரம் வருடம், அந்திக்கிறிஸ்து ஆகிய எதுவும் இந்த ஆறு வசனங்களில் இல்லை.

"எடுத்துக்கொள்ளப்பட்டு" என்பதற்குக் கிரேக்கத்தில் இருக்கும் சொல்லுக்கு, பறித்துக்கொண்டு போவதுபோல் சட்டென்று தூக்கிச் செல்வது என்று பொருள். அது லத்தீனில் 'ராப்பியோ' என்ற வினையாக மாறி, அங்கிருந்து ஆங்கிலத்தில் 'ராப்ச்சர்' ஆனது. ஆகவே அந்த ஆங்கிலச் சொல் வேதத்தில் இல்லை என்று சிலர் வாதிடுவதில் பெரிய பலன் இல்லை. சொல் இருக்கிறது. எல்லாச் சபைகளும் இந்த வசனத்தை நம்புகின்றன. எப்போது, எந்தத் திசையில் என்பதில்தான் பிரிகிறார்கள்.

திசைக்கான திறவுகோல் 'எதிர்கொண்டுபோக' என்ற சொல்லில் இருக்கிறது. தமிழில் எதிர்கொள்வது என்றால் நமக்கு என்ன தோன்றும்? மாப்பிள்ளை வருகிறார் என்றால் பெண் வீட்டார் தெருமுனைக்குப் போய் எதிர்கொண்டு அழைத்து வருவார்கள். பேராயர் ஊருக்கு வந்தால் எல்லையில் மேளத்தோடு நின்று எதிர்கொள்வார்கள். போகிறவர்கள் வெளியே போவது, வருகிறவரை உள்ளே கூட்டிவரத்தான். தெருமுனையில் சந்தித்துவிட்டு அவரோடு அவர் ஊருக்குப் புறப்பட்டுவிடுவதில்லை. கிரேக்கத்தில் இங்கே உள்ள சொல் 'அபாந்தேசிஸ்'. அந்தக் காலப் பட்டணங்களில் அரசனோ அதிகாரியோ வரும்போது குடிமக்கள் வாசலுக்கு வெளியே போய் வரவேற்று அழைத்து வருவதற்கும் இதே சொல் வழங்கியது. அப்போஸ்தலர் 28ஆம் அதிகாரத்தில் ரோமாபுரியின் சகோதரர்கள் சிலர் அப்பியுபுரம் வரைக்கும், சிலர் மூன்று சத்திரம் வரைக்கும் பவுலுக்கு எதிர்கொண்டு வந்தார்கள் என்று வாசிக்கிறோம். வந்தவர்கள் பவுலோடு திரும்பி ரோமாபுரிக்குத்தான் போனார்கள். நான்காம் நூற்றாண்டில் பிரசங்கித்த கிறிசோஸ்தோம் தெசலோனிக்கேயர் வசனத்தை இப்படித்தான் விளக்கினார்: ராஜா நகரத்துக்குள் வரும்போது மரியாதைக்குரியவர்கள் வெளியே போய் எதிர்கொள்வார்கள், குற்றவாளிகள் உள்ளேயே இருந்து நியாயாதிபதிக்குக் காத்திருப்பார்கள்.

இப்படி வாசித்தால் ஒரே ஒரு வருகைதான் உண்டு. விசுவாசிகள் மேலே போய், இறங்கிவருகிற ராஜாவோடு சேர்ந்து கீழே வருகிறார்கள். இதில் இரகசியம் ஒன்றும் இல்லை. அதே வசனத்தில் ஆரவாரமும் பிரதான தூதனுடைய சத்தமும் எக்காளமும் இருக்கின்றனவே என்று இந்தப் பக்கத்தார் கேட்பார்கள்.

ஆனால் இதோடு விஷயம் முடியவில்லை. மறுபக்கத்தாரின் பதிலும் வலுவானது. அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு எப்போதும் "கூட்டிக்கொண்டு திரும்புதல்" என்றுதான் பொருள் என்று சொல்ல முடியாது, வெறுமனே சந்திப்பது என்ற பொருளிலும் வரும். பவுலோ ஆகாயத்தில் சந்திப்பதோடு நிறுத்திக்கொள்கிறார், அங்கிருந்து எங்கே என்று சொல்லவில்லை. அதைச் சொல்கிற வேறு இடம் யோவான் 14: என் பிதாவின் வீட்டில் அநேக வாசஸ்தலங்கள் உண்டு, ஒரு ஸ்தலத்தை ஆயத்தம்பண்ணப் போகிறேன், மறுபடியும் வந்து உங்களை என்னிடத்தில் சேர்த்துக்கொள்ளுவேன். அது மேலே போகிற பயணம். ஆகவே ஒரு வருகையில் அவர் தம்முடையவர்களுக்காக வருகிறார், இன்னொன்றில் தம்முடையவர்களோடு வருகிறார் என்று இவர்கள் பிரிக்கிறார்கள். நம் ஊரில் இரகசிய வருகை, பகிரங்க வருகை என்று சொல்வது இந்தப் பிரிவைத்தான்.

அடுத்து, மத்தேயு 24:40. இரகசிய வருகையைப் பற்றிய நோட்டீஸ்களில் அதிகம் வருகிற வசனம். இரண்டு பேர் வயலில் இருப்பார்கள், "ஒருவன் ஏற்றுக்கொள்ளப்படுவான், ஒருவன் கைவிடப்படுவான்." தமிழில் இதை வாசிக்கிற யாருக்கும் சந்தேகமே வராது. ஏற்றுக்கொள்ளப்படுவது நல்லது, கைவிடப்படுவது பயங்கரம். சிறுவயதில் நானும் இந்த வசனத்தைக் கேட்டு நடுங்கியிருக்கிறேன். ஆனால் கிரேக்கத்தில் இருப்பது அதைவிடப் பொதுவான சொற்கள். ஒருவன் கூட்டிச்செல்லப்படுவான், ஒருவன் விடப்படுவான், அவ்வளவுதான். எது நல்லது, எது கெட்டது என்று அந்தச் சொற்கள் தாமாகச் சொல்வதில்லை. சற்று மேலே போனால் இயேசு நோவாவின் காலத்தை உதாரணம் காட்டுகிறார். ஜலப்பிரளயம் வந்து அவர்கள் அனைவரையும் வாரிக்கொண்டுபோயிற்று. அந்தக் கதையில் வாரிக்கொண்டுபோகப்பட்டவர்கள் அழிந்தவர்கள். விடப்பட்டவர் நோவா. அப்படியானால் வயலில் எடுத்துச் செல்லப்பட்டவன் நியாயத்தீர்ப்புக்குப் போகிறான், விடப்பட்டவன் தப்புகிறான் என்றும் வாசிக்க இடம் இருக்கிறது. இரகசிய வருகையை உறுதியாக நம்புகிற அமெரிக்க வேதபண்டிதர்களில் பலரே, இந்த வசனம் இரகசிய வருகையைப் பற்றியதல்ல என்று எழுதியிருக்கிறார்கள். சபையில் பிரபலமாக இருக்கிற ஆதாரமும் அந்த உபதேசத்தின் உண்மையான ஆதாரமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

உண்மையான ஆதாரம் எங்கே என்று தெரிய வேண்டுமானால் அந்த ஏழு வருடம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். வெளிப்படுத்தின விசேஷத்தில் 42 மாதம் என்றும், 1260 நாள் என்றும், ஒரு காலமும் காலங்களும் அரைக்காலமும் என்றும் வருகின்றன. மாதத்துக்கு 30 நாள் வைத்தால் மூன்றும் ஒன்றுதான், மூன்றரை வருடம். ஏழு வருட உபத்திரவம் என்று அந்தப் புத்தகத்தில் எங்கும் இல்லை. ஏழு வருடம் தானியேல் 9ஆம் அதிகாரத்திலிருந்து வருகிறது.

அங்கே தூதன் தானியேலிடம், அவன் ஜனத்தின்மேலும் பரிசுத்த நகரத்தின்மேலும் எழுபது வாரங்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன என்கிறான். ஒரு வாரம் என்பது ஏழு வருடம் என்று கணக்கிடுவதில் பெரும்பாலான கிறிஸ்தவ வாசகர்கள் ஒத்துப்போகிறார்கள். எருசலேமைக் கட்டும் கட்டளையிலிருந்து மேசியா வரைக்கும் ஏழு வாரமும் அறுபத்திரண்டு வாரமும், ஆக 69 வாரம், அதாவது 483 வருடம். மீதி இருப்பது ஒரே ஒரு வாரம். அந்தக் கடைசி ஏழு வருடத்தை எங்கே வைப்பது? 69க்குப் பின் 70 வருவதுதானே இயல்பு, ஆகவே அது இயேசுவின் ஊழியத்தோடும் அவருடைய மரணத்தோடும் சேர்ந்தே நிறைவேறிவிட்டது என்பது ஒரு வாசிப்பு. கடிகாரம் 69இல் நின்றுவிட்டது, நடுவில் சபையின் காலம் ஓடுகிறது, கடைசி வாரம் இன்னும் வரவேண்டியிருக்கிறது என்பது இன்னொரு வாசிப்பு.

27ஆம் வசனத்தில் தமிழ் வாசகருக்கு ஒரு விசேஷமான இடம் இருக்கிறது. ஒரு வாரமளவும் அநேகருக்கு உடன்படிக்கையை உறுதிப்படுத்துகிறவர் யார்? இரகசிய வருகையைப் போதிக்கிறவர்கள் அவன் அந்திக்கிறிஸ்து, இஸ்ரவேலோடு ஏழு வருட ஒப்பந்தம் செய்து பாதியில் முறிப்பான் என்கிறார்கள். எபிரெயத்தில் வினைச்சொல் மட்டும்தான் இருக்கிறது, அதில் மரியாதை ஒருமை என்ற ஒன்று கிடையாது. தமிழில் அப்படிச் சும்மா விட முடியாது; அவர் என்றோ அவன் என்றோ எழுதியே ஆக வேண்டும். நம் பழைய மொழிபெயர்ப்பு "அவர்" என்று எழுதியது, பலியையும் காணிக்கையையும் "ஒழியப்பண்ணுவார்" என்றது, அடுத்த வரியில் பாழாக்குகிறவன் வரும்போது மட்டும் "இறங்குவான்" என்று மாறியது. அதாவது மொழிபெயர்த்தவர்கள் இங்கே மேசியாவைப் பார்த்தார்கள். அவருடைய மரணம் பலிகளை ஒழித்தது என்று வாசித்தார்கள். கையில் 'அவர்' என்று அச்சிட்ட வேதாகமத்தை வைத்துக்கொண்டு நம் மேடைகளில் 'அவன்' என்று பிரசங்கிக்கிறோம், பலர் அதைக் கவனிப்பதே இல்லை. மொழிபெயர்ப்பு சரி, பிரசங்கம் தவறு என்று நான் சொல்லவில்லை. இலக்கணப்படி இரண்டும் சாத்தியம். ஆனால் அது ஒரு தேர்வு என்பதையாவது கேட்கிறவர்களிடம் சொல்ல வேண்டும்.

இந்தத் துண்டுகளையெல்லாம் ஒரு முழு ஏற்பாடாகக் கோத்தவர் ஜான் நெல்சன் டார்பி. அயர்லாந்தில் ஆங்கிலிக்கன் குருவாக இருந்தவர். 1827இல் குதிரையால் ஏற்பட்ட விபத்தில் காயப்பட்டு நீண்ட நாள் ஓய்வில் இருந்தபோது, சபை என்பது பரலோகத்தில் கிறிஸ்துவோடு இணைந்த ஜனம், இஸ்ரவேலுக்குக் கொடுத்த பூமிக்குரிய வாக்குத்தத்தங்கள் இஸ்ரவேலுக்கே இன்னும் மீதியாக இருக்கின்றன என்ற முடிவுக்கு வந்தார். 1831 முதல் அயர்லாந்தின் பவர்ஸ்கோர்ட் மாளிகையில் நடந்த தீர்க்கதரிசன மாநாடுகளில் இது விவாதிக்கப்பட்டது. அவருடைய தர்க்கம் இப்படிப் போகிறது: எழுபது வாரங்கள் தானியேலின் ஜனத்துக்கு, அதாவது இஸ்ரவேலுக்கு, குறிக்கப்பட்டவை. கடைசி வாரமும் அவர்களுக்கே உரியது. சபை அந்தக் கணக்கில் இல்லை. ஆகவே அந்த வாரம் தொடங்குமுன் சபை பூமியில் இருக்கக் கூடாது. அப்படியானால் அது எடுத்துக்கொள்ளப்பட வேண்டும். உபத்திரவத்துக்கு முன்னான இரகசிய வருகை என்கிற உபதேசம் நிற்பது இந்த அஸ்திபாரத்தின்மேல்தான். தெசலோனிக்கேயர் வசனம் அதற்கு வாசல் மாதிரி. இஸ்ரவேலும் சபையும் கடைசிவரை இரண்டு தனி ஜனங்கள் என்று ஒப்புக்கொள்கிறவருக்கு மற்றதெல்லாம் ஒழுங்காகப் பொருந்தும். கிறிஸ்துவுக்குள் இரண்டும் ஒரே ஜனமாகிவிட்டன என்று எபேசியர் 2ஐ வைத்து நம்புகிறவருக்கு, முன்னதாக எடுத்துக்கொள்ளப்பட வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விடுகிறது.

இது உலகமெங்கும் பரவ முக்கியக் காரணம் 1909இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட ஸ்கோஃபீல்டு குறிப்பு வேதாகமம். வசனம் மேலே, டார்பியின் முறைப்படியான விளக்கம் அதே பக்கத்தின் அடியில். வாசிக்கிறவர்களுக்குக் காலப்போக்கில் எது வசனம், எது அடிக்குறிப்பு என்ற பிரிவு மங்கிவிட்டது. அதே காலத்தில் தோன்றிய பெந்தெகொஸ்தே இயக்கம் இந்த வருகைக் கால அட்டவணையை அப்படியே எடுத்துக்கொண்டது. இதை வகுத்த மரபோ, அந்நிய பாஷை போன்ற வரங்கள் அப்போஸ்தலர் காலத்தோடு முடிந்தன என்று போதித்தது. ஒரு வீட்டின் வரைபடத்தை வாங்கி அதில் வேறொரு குடும்பம் குடியேறியதுபோல. தமிழகத்துக்கும் டார்பி சேர்ந்திருந்த பிரதரன் சபை வட்டத்தின் தொடர்பு சீக்கிரமே வந்தது. டார்பியின் ஆரம்பகாலத் தோழர்களில் ஒருவரான அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் 1833இல் இந்தியா வந்தார், திருநெல்வேலிப் பகுதியின் ஊழியர் அருளப்பன் அவரோடு சேர்ந்து உழைத்தார்.

சரி, ஆயிரம் வருடம். வேதம் முழுவதிலும் இந்த ஆயிர வருட அரசாட்சி வெளிப்படுத்தல் 20ஆம் அதிகாரத்தில்தான் வருகிறது; அங்கே இரண்டாம் வசனத்திலிருந்து ஏழாம் வசனத்துக்குள் ஆயிரம் வருஷம் என்பது ஆறு முறை. சாத்தான் கட்டப்படுகிறான், சாட்சியினிமித்தம் சிரச்சேதம்பண்ணப்பட்டவர்கள் கிறிஸ்துவுடனேகூட ஆயிரம் வருஷம் அரசாளுகிறார்கள், பிறகு சாத்தான் விடுதலையாகி, கோகு மாகோகு யுத்தம், வெள்ளைச் சிங்காசனம். இதை வாசிப்பதில் பாதை பிரிகிற இடங்கள் இரண்டு.

ஒன்று வரிசை. 19ஆம் அதிகாரத்தில் வெள்ளைக்குதிரையில் ராஜா வருகிறார், 20இல் ஆயிரம் வருடம். முன்னது முடிந்து பின்னது தொடங்குகிறது என்றால் கிறிஸ்து வந்த பிறகே அரசாட்சி. ஆனால் இந்தப் புத்தகம் எப்போதும் நேராக ஓடுவதில்லை. 11ஆம் அதிகாரத்தின் கடைசியில் மரித்தோர் நியாயந்தீர்க்கப்படும் காலம் வந்தது என்று முடிவுக்கே வந்துவிட்டு, 12இல் ஆண்பிள்ளை பிறப்பதற்குத் திரும்பிப் போகிறது. 20ஆம் அதிகாரமும் அப்படி ஆரம்பத்துக்குத் திரும்புகிறது, சாத்தான் கட்டப்பட்டது இயேசுவின் முதல் வருகையிலேயே என்கிறார்கள் ஒரு பகுதியினர். பலவானை முந்திக் கட்டினாலொழிய அவன் உடைமைகளைக் கொள்ளையிட முடியாது என்று இயேசுவே சொன்னாரே என்பது அவர்கள் ஆதாரம். இன்னொன்றையும் காட்டுவார்கள். எசேக்கியேல் 38, 39இல் கோகுவின் யுத்தம் ஒன்றுதான். அதிலுள்ள பறவைகளின் விருந்து வெளிப்படுத்தல் 19இல் வருகிறது, கோகு என்ற பெயரோ 20இல் வருகிறது. ஒரே தீர்க்கதரிசனத்தை இரண்டு அதிகாரமும் பயன்படுத்துவதால் இரண்டும் ஒரே யுத்தம், நடுவில் ஆயிரம் வருட இடைவெளி இல்லை. இது எனக்குக் கனமான வாதமாகத் தெரிகிறது. ஆனால் எதிர்த்தரப்பு 20:10ஐக் காட்டும்: பிசாசு தள்ளப்படுகிற அக்கினிக் கடலில் மிருகமும் கள்ளத்தீர்க்கதரிசியும் ஏற்கெனவே இருக்கிறார்கள், அவர்கள் தள்ளப்பட்டது 19இன் கடைசியில். அப்படியானால் வரிசை வரிசைதான். மேலும், சாத்தான் இப்போது கட்டப்பட்டிருக்கிறான் என்றால், கெர்ச்சிக்கிற சிங்கம்போல் சுற்றித்திரிகிறான் என்று பேதுரு ஏன் எழுத வேண்டும்? அவன் ஜனங்களை மோசம்போக்காதபடிக்கு மட்டுமே கட்டப்பட்டான், எல்லா வேலையிலிருந்தும் அல்ல என்று பதில் வரும்.

இரண்டாவது, உயிர்த்தல். நான்காம் வசனத்தில் "அவர்கள் உயிர்த்து" அரசாண்டார்கள். ஐந்தில் மற்றவர்கள் ஆயிரம் வருஷம் முடியுமளவும் "உயிரடையவில்லை". தமிழில் சற்று வேறுபட்ட சொற்களாகத் தெரிகிற இவை கிரேக்கத்தில் ஒரே வினைச்சொல். பின்னது கல்லறையிலிருந்து எழும்புவது என்றால் முன்னதும் அதுவே இருக்க வேண்டாமா? 19ஆம் நூற்றாண்டின் ஆங்கில வேதபண்டிதர் ஹென்றி ஆல்ஃபோர்டு, இரண்டு வசனத்துக்குள் ஒரே சொல்லுக்கு இரண்டு அர்த்தம் கொடுத்தால் மொழிக்கே பொருள் இல்லாமல் போகும் என்று கடுமையாக வாதிட்டார். இது வருகைக்குப் பின் ஆயிர வருடம் என்பவர்களின் பலமான கோட்டை. ஆனால் யோவான் 5இல் இயேசுவே அப்படிப் பேசுகிறாரே என்று அதற்கு வெகு காலம் முன்பே, ஐந்தாம் நூற்றாண்டில், காட்டியவர் அகஸ்டின். 25ஆம் வசனத்தில் மரித்தோர் சத்தத்தைக் கேட்டுப் பிழைக்கும் காலம் "இப்பொழுதே வந்திருக்கிறது", அது ஆத்துமா உயிரடைவது. 28ஆம் வசனத்தில் பிரேதக்குழிகளிலுள்ளவர்கள் எழும்பும் காலம் இனி வரும், அது சரீரம் எழும்புவது.

இந்த அகஸ்டின் ஒரு காலத்தில் ஆயிர வருட அரசாட்சியை நம்பியவர், அதை அவரே எழுதியிருக்கிறார். அதை ஓயாத விருந்தும் சாப்பாடுமாகச் சிலர் வர்ணித்தது அவருக்குப் பிடிக்காமல் போயிற்று. கி.பி. 410இல் ரோமாபுரி கொள்ளையிடப்பட்ட பிறகு எழுதிய பெரிய நூலின் 20ஆம் புத்தகத்தில், ஆயிரம் என்பது பத்தின் கனம், ஒரு முழுமையைக் குறிக்கிற எண், சபையின் இந்தக் காலம் முழுவதுமே அந்த அரசாட்சி என்று விளக்கினார். கத்தோலிக்கர், லூத்தரன், ஆங்கிலிக்கன் மரபுகள் பெரும்பாலும் இந்த வழியில் போயின. எங்கள் ஐயரின் பிரசங்கத்தில் ஆயிர வருடம் வராததற்குக் காரணம் அவர் அந்த அதிகாரத்தை வாசிக்காதது அல்ல. அவர் மரபின்படி நாம் அதற்குள்தான் வாழ்ந்துகொண்டிருக்கிறோம். சுவிசேஷம் உலகை நிரப்பி ஒரு பொற்காலம் வந்து, அதன் பிறகே கிறிஸ்து வருவார் என்று நம்பியவர்களும் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் நிறைய இருந்தார்கள், அமெரிக்கப் பிரசங்கியார் ஜோனத்தான் எட்வர்ட்ஸ் அவர்களில் ஒருவர். முதல் உலகப்போருக்குப் பின் அந்தக் குரல் மெலிந்துவிட்டது.

இங்கே ஒரு குழப்பத்தை நீக்க வேண்டும். ஆயிர வருட அரசாட்சி பழைய நம்பிக்கை, முன்னான இரகசிய வருகை புதியது. இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டித் தருவதால் இரண்டும் ஒரே வயது என்று தோன்றுகிறது. இரண்டாம் நூற்றாண்டின் பேராயர் ஐரேனியு எழுத்துப்படியான ஆயிர வருடத்தை நம்பினார், ஆனால் அந்திக்கிறிஸ்துவின் கையில் சபை பாடுபடும் என்றே எதிர்பார்த்தார். நம் காலத்தில் ஜார்ஜ் எல்டன் லாட் என்ற அமெரிக்க இறையியலாளர் இதே நிலையை எடுத்து 1956இல் ஒரு நூலே எழுதினார். 2 தெசலோனிக்கேயர் 2ஆம் அதிகாரத்தில் பவுல், நாம் அவரிடத்திலே சேர்க்கப்படுவதைக் குறித்துப் பேசிவிட்டு, பாவமனுஷன் முதலில் வெளிப்பட வேண்டும் என்கிறாரே என்பது இந்த நிலையின் முக்கிய ஆதாரம். இதை நம்புகிறவருக்கு வரப்போகிற உபத்திரவம் தப்பித்துப்போக வேண்டிய ஒன்றல்ல, நின்று சகிக்க வேண்டிய ஒன்று. பாஸ்டர்களே கூட இந்த மூன்றாவது வழி இருப்பதைப் பல சமயம் சொல்வதில்லை.

ஒவ்வொரு வாசிப்புக்கும் ஒரு விலை உண்டு. இஸ்ரவேலுக்குக் கொடுத்த எல்லாவற்றையும் எழுத்துப்படி எடுத்தால், எசேக்கியேல் 40 முதல் வருகிற ஆலயமும் மிருக பலிகளும் ஆயிர வருடத்தில் திரும்ப வர வேண்டும். கிறிஸ்துவின் ஒரே பலிக்குப் பிறகு அது எப்படி என்று எபிரெயர் 10 கேட்கும். அவை நினைவுகூருதலுக்காக மட்டும் என்று பதில் சொல்கிறார்கள். எல்லாம் சபையில் நிறைவேறிற்று என்று சொன்னால், இஸ்ரவேலைத் தேவன் தள்ளிவிடவில்லை என்கிற ரோமர் 11 உறுத்திக்கொண்டே இருக்கும். இந்த விலையைப் பேசாமல் தன் பக்கத்தை மட்டும் வரைபடமாகத் தொங்கவிடுகிற பிரசங்கத்தை நான் சந்தேகத்தோடுதான் கேட்பேன்.

தேதி குறிக்கிறவர்கள் விஷயம் வேறு. 1992 அக்டோபர் 28 அன்று எடுத்துக்கொள்ளப்படுவோம் என்று தென்கொரியாவில் ஒரு கூட்டம் நம்பியது. வேலையை விட்டவர்கள், சொத்தை விற்றவர்கள் உண்டு. எந்த நிமிடமும் வரலாம் என்பதுதான் இரகசிய வருகை உபதேசத்தின் உயிர்நாடி. ஒரு தேதியைக் குறித்த உடனே அதற்கு முந்தைய நாள்களில் அவர் வரமாட்டார் என்று சொன்னதாகிவிடுகிறது. ஆகவே தேதி சொல்கிறவர் டார்பியின் மரபையும் மீறுகிறார். இதை அந்த மரபின் நல்ல போதகர்களே கண்டித்திருக்கிறார்கள்.

இவ்வளவும் சொன்னபோது சித்தி, "ஆரம்பத்துல இருந்தவங்களாவது ஒரே மாதிரி நம்பினாங்களா?" என்று கேட்டார். இல்லை. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் ஜஸ்டின் என்ற இரத்தசாட்சி எழுதியது நம்மிடம் இருக்கிறது. எருசலேம் திரும்பக் கட்டப்பட்டு ஆயிரம் வருடம் அதில் வாழ்வோம் என்று அவர் உறுதியாக நம்பினார். அதே மூச்சில், தூய்மையான பக்தியுள்ள விசுவாசத்தைச் சேர்ந்த அநேகர் வேறு விதமாக எண்ணுகிறார்கள் என்றும் எழுதினார். அவர்களைத் துரோகிகள் என்று அவர் சொல்லவில்லை.

பெரியம்மாவின் கல்லறைக் கல்லுக்கு வாசகம் எழுத வேண்டியிருந்தபோது அண்ணன் முழு வசனத்தையும் போடச் சொன்னார், கல்லில் இடம் போதவில்லை. ஐயரிடமும் கேட்டார், பாஸ்டரிடமும் கேட்டார். கடைசியில் வசனத்தின் பின்பாதியை மட்டும் வெட்டினார்கள்: "எப்பொழுதும் கர்த்தருடனேகூட இருப்போம்."